அந்தக் கல்லீரல் யாருக்குப் போயிருக்க வேண்டும்?

*டாக்டர், என் கணவருக்கு 44 வயது. கொழுப்புக் கல்லீரலில் ஆரம்பித்து சிரோசிஸ் ஆகிவிட்டது. குடிப்பழக்கம் கிடையாது. 14 மாதமாகக் கல்லீரல் மாற்றுக்கான பட்டியலில் இருக்கிறார். கடைசி ரிப்போர்ட்டில் பிலிரூபின் 4.2, ஐ.என்.ஆர். 1.7, கிரியாட்டினின் 1.0, சோடியம் 126. மெல்டு 18 என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வயிற்றிலிருந்து நீர் எடுக்கிறோம். போன மாதம் ராத்திரி போன் வந்தது, சாப்பிடாமல் உடனே வாருங்கள் என்று. போனோம். விடிந்ததும், கல்லீரல் வேறொருவருக்குப் போய்விட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவருக்கு 59 வயதாம், ஐ.சி.யூ.வில் இருந்தவராம், பதிந்து 20 நாள்தான் ஆகிறதாம், முன்பு குடித்தவர் என்றும் கேள்விப்பட்டோம். ஆபரேஷன் ஆகி மூன்றே வாரத்தில் அவர் இறந்துவிட்டார். பிழைக்கக்கூடியவருக்குக் கொடுக்காமல் ஒரு கல்லீரலை வீணாக்கியது நியாயமா? எங்களுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். டயாலிசிஸ் செய்ததாகக் காட்டினால் மெல்டு ஏறும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர், டாக்டரிடம் கேட்கலாமா? நான் பாதிக் கல்லீரல் தரத் தயார், பிறந்த வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். — பெயர் வேண்டாம், திருச்சி மாவட்டம்*

சகோதரி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. விடிய விடிய வெறும் வயிற்றோடு, கையில் ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, எக்ஸ்ரே எடுத்து, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் வாங்கிவிட்டு, கடைசியில் வீட்டுக்குப் போங்கள் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அந்த இரவில் நடந்ததை உங்களுக்கு யாரும் உட்கார வைத்து விளக்கவில்லை என்று தெரிகிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்று உங்கள் கணவரை வரவழைத்தது மாற்று ஆளாக. ஒருவருக்கு மூளைச்சாவு என்று முடிவு செய்ய நம் நாட்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். அதற்கப்புறம் குடும்பத்தின் சம்மதம், பட்டியலைப் பார்ப்பது, அறுவை அரங்கு என்று வேலை ஓடும். உடலிலிருந்து எடுத்து ஐஸில் வைத்த கல்லீரலை எட்டு மணி நேரத்துக்குள் பொருத்திவிடத்தான் எல்லோரும் பார்ப்போம், பன்னிரண்டைத் தாண்டினால் அது சரியாக வேலை செய்யாமல் போகும் அபாயம் கூடிவிடும். பட்டியலில் முதலில் இருப்பவர் ஐ.சி.யூ.வில் இருப்பவர் என்றால், கடைசி நேரத்தில் அவருக்குக் காய்ச்சல் வரலாம், ரத்த அழுத்தம் விழலாம், அறுவையைத் தாங்க மாட்டார் என்று மயக்க மருந்து நிபுணர் சொல்லிவிடலாம். அந்த நேரத்தில் அடுத்தவரை ஊரிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் இரண்டாவது ஆளையும் தயாராக வைக்கிறோம். உங்கள் கணவர் கையிலிருந்ததை யாரும் பிடுங்கிக் கொடுக்கவில்லை. ஆனால் 'நீங்கள் மாற்று ஆள், கிடைக்காமலும் போகலாம்' என்று போனிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது மருத்துவமனையின் தவறு, அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

யாருக்குக் கொடுத்தால் அதிகப் பலன்?

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பிழைக்கக்கூடியவருக்குக் கொடு என்பது கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லீரல் வைத்த பிறகு யார் அதிகம் பிழைப்பார் என்பது ஒரு கேள்வி, கல்லீரல் வைத்ததால் யார் பிழைப்பார் என்பது வேறொரு கேள்வி. நீங்கள் முதலாவதைக் கேட்கிறீர்கள், பலனைக் கணக்கிட உதவுவது இரண்டாவது.

மெல்டு என்பது மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிரூபின், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர்., சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் வைத்து 6 முதல் 40 வரை போடப்படும் எண். புதுக் கல்லீரல் கிடைக்காவிட்டால் அடுத்த மூன்று மாதத்தில் இறப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை அது சொல்கிறது. நாங்கள் வழக்கமாக மேற்கோள் காட்டும் அமெரிக்கக் கணக்குப்படி, 10 முதல் 19 வரை இருப்பவர்களில் மூன்று மாதத்தில் இறப்பவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். 20 முதல் 29 வரை என்றால் இருபது பேர் அளவுக்கு. 30 முதல் 39 வரை போனால் ஐம்பதைத் தாண்டிவிடும்.

அந்த 59 வயதுக்காரரின் எண் எனக்குத் தெரியாது. ஐ.சி.யூ.வில் இருந்தார் என்கிறீர்களே, பிலிரூபின் 18, ஐ.என்.ஆர். 2.6, கிரியாட்டினின் 2.4 என்று வைத்துப் பார்ப்போம், மெல்டு 36 வரும். இப்போது அவரைப்போல நூறு பேர், உங்கள் கணவரைப்போல நூறு பேர். அறுவை சிகிச்சையிலேயே சிலர் போய்விடுவார்கள், நோய் முற்றியவர்களில் அது அதிகம். ஒரு பேச்சுக்கு, 18 உள்ளவர்களில் ஐந்து பேர், 36 உள்ளவர்களில் பதினைந்து பேர் என்று கொள்வோம். 18 உள்ள நூறு பேருக்கும் கல்லீரல் வைத்தால் மூன்று மாதம் கழித்து 95 பேர் இருப்பார்கள், வைக்காவிட்டாலும் 94 பேர் இருப்பார்கள். 36 உள்ள நூறு பேருக்கு வைத்தால் 85 பேர், வைக்காவிட்டால் 50 பேருக்கும் குறைவு. நூறு கல்லீரலால் ஒரு பக்கம் காப்பாற்றப்பட்டது ஒரே ஓர் உயிர், இன்னொரு பக்கம் முப்பத்தைந்துக்கு மேல். மெல்டு 15-க்குக் கீழே இருப்பவர்களுக்கு முதல் வருடத்தில் காத்திருப்பதைவிட அறுவை சிகிச்சையில்தான் ஆபத்து அதிகம் என்று 2005-இல் வந்த அமெரிக்க ஆய்வே சொன்னது.

அவர் இறந்துவிட்டார் என்பதால் கல்லீரல் வீணானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முடிவெடுத்த இரவில் அவர் அந்தப் பதினைந்தில் ஒருவரா, எண்பத்தைந்தில் ஒருவரா என்று யாருக்கும் தெரிந்திருக்க முடியாது.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. நோய் முற்ற முற்ற முன்னுரிமை ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ஆள் அறுவையைத் தாங்க முடியாத நிலைக்குப் போய்விடுவார். கட்டுக்குள் வராத கிருமித் தொற்று, வென்டிலேட்டர், ரத்த அழுத்தத்தைப் பிடித்து வைக்க மருந்தை ஏற்றிக்கொண்டே போவது, இவை எல்லாம் சேர்ந்துவிட்டால் அவரைப் பட்டியலிலிருந்து தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில் நல்ல மருத்துவர்களுக்குள்ளேயே சண்டை வரும். அன்று அந்தக் கோட்டைத் தாண்டிப் போயிருந்தார்களா என்று கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அவருடைய கேஸ் ஷீட்டில் இருக்கிறது, இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது.

உங்கள் பக்கத்திலும் ஒரு பலமான வாதம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நான் போட்டது மூன்று மாதக் கணக்கு. ஐந்து வருடக் கணக்கு போட்டால் 18 உள்ளவர்களும் பெரிய பலன் அடைவார்கள். பிரிட்டனில் 2018 முதல் அப்படித்தான், கல்லீரல் வைத்தால் ஐந்து வருடத்தில் எவ்வளவு காலம் வாழ்வார், வைக்காவிட்டால் எவ்வளவு என்று இரண்டையும் கழித்து, வித்தியாசம் அதிகமுள்ளவருக்குக் கொடுக்கிறார்கள். கேட்க அருமையாக இருக்கிறது இல்லையா? ஆனால் கணக்கு ஐந்தாவது வருடத்தில் நின்றுவிடுவதால், இன்னும் நாற்பது வருடம் வாழக்கூடிய இளைஞருக்கும் ஐந்தே வருடம் வாழக்கூடிய முதியவருக்கும் அதில் வித்தியாசம் தெரியாது. அங்கே இளம் நோயாளிகள் பின்னுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்று பெரிய சர்ச்சையே நடந்தது. பலனைத்தான் பார்ப்போம் என்று முடிவு செய்தாலும் எத்தனை வருடப் பலன் என்ற இடத்தில் ஒருவர் உட்கார்ந்து ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, அந்த எண் சிலரைத் தூக்கிவிடும், சிலரைக் கீழே தள்ளிவிடும்.

இன்னொன்று, 18 உள்ளவர் காத்திருக்கலாம் என்பது அடுத்த கல்லீரல் வரும் என்ற நம்பிக்கையில் சொல்வது. தானம் அதிகம் நடக்கும் நாட்டில் அது சரி. நம் ஊரில் மூளைச்சாவு தானங்கள் தேவைக்கு எட்டுவதே இல்லை, அதனால் 'காத்திருங்கள்' என்ற சொல் இங்கே அவ்வளவு லேசானது அல்ல. இருந்தாலும், இன்று ராத்திரி சாகப் போகிறவரை விட்டுவிட்டு அடுத்த வருடம் சாகக்கூடியவருக்குக் கொடு என்று என்னால் சொல்ல முடியாது. தாங்கும் நிலையில் இருக்கும்வரை அவசரம்தான் முதலில் என்பதே என் கருத்து.

பதினான்கு மாதம், இருபது நாள்

முன்னால் வந்தவர் நாங்கள் என்கிறீர்கள். சிறுநீரகமாக இருந்தால் உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. டயாலிசிஸ் என்று ஒன்று இருப்பதால் சிறுநீரக நோயாளி கஷ்டப்பட்டாவது வருடக்கணக்கில் காத்திருக்க முடியும், எனவே அங்கே காத்திருந்த காலத்துக்குப் பெரிய மதிப்பு கொடுக்கிறோம். கல்லீரலுக்கு அப்படி ஒரு இயந்திரம் கிடையாது.

அமெரிக்காவிலும் 2002 வரை கல்லீரலுக்குக் காத்திருந்த காலம் முக்கியமாகப் பார்க்கப்பட்டது. என்ன ஆனது? நோய் முற்றாதவர்களையும் இடம் பிடித்து வைப்பதற்காக முன்கூட்டியே பதிய ஆரம்பித்தார்கள். பட்டியல் நீண்டது. கணக்கெடுத்துப் பார்த்தால், எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பதற்கும் சாவுக்கும் பெரிய தொடர்பே இல்லை. 2002 பிப்ரவரியில் மெல்டுக்கு மாறினார்கள், புதிய பதிவுகளும் குறைந்தன, காத்திருக்கும்போதே இறப்பவர்களும் குறைந்தார்கள்.

வரிசை என்பது பார்ப்பதற்கு எல்லோருக்கும் சமமாகத் தெரியும். ஆனால் வரிசையில் யார் முதலில் வந்து நிற்கிறார்கள் என்று பாருங்கள். சென்னையில் இருப்பவர், படித்தவர், கல்லீரல் நிபுணரைச் சீக்கிரம் பார்த்தவர், இத்தனை பரிசோதனைக்கும் பணம் கட்ட முடிந்தவர். உங்களுக்குப் பின்னால் வந்த அந்த மனிதருக்கு, மஞ்சள் காமாலை முற்றி மயங்கி விழுந்த பிறகுதான் இப்படி ஒரு சிகிச்சை இருப்பதே தெரிந்திருக்கலாம்.

பிள்ளைகள், குடி, வயது

இதைச் சொல்வது கடினம், ஆனாலும் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைகளை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அதை ஒரு முறை செய்து பார்த்திருக்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டிலில் டயாலிசிஸ் புதிதாக வந்தபோது இயந்திரங்கள் மிகக் குறைவு. மருத்துவ ரீதியில் தகுதியானவர்களில் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு போட்டார்கள், பெரும்பாலும் சாதாரணப் பொதுமக்கள். அவர்கள் கல்யாணம் ஆனவரா, எத்தனை பிள்ளைகள், என்ன வேலை, எவ்வளவு சம்பாதிக்கிறார், தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகிறாரா என்றெல்லாம் பார்த்தார்கள். 1962-இல் இது பத்திரிகையில் வந்தபோது நாடே கொதித்தது. ஏழு நல்ல மனிதர்கள் கூடி உட்கார்ந்தும் கடைசியில் தங்களைப்போல வாழ்ந்தவர்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் வழக்கை இன்று அப்படி ஒரு குழு முன் வைத்தால் நீங்கள் ஜெயிக்கலாம். கல்யாணமாகாத ஒரு பெண்ணோ, வேலையில்லாத ஒருவரோ, பிள்ளை இல்லாத தம்பதியோ தோற்பார்கள்.

குடி விஷயமும் அப்படித்தான். குடித்தவர் மறுபடி குடிப்பாரா, புதுக் கல்லீரலைப் பாழாக்குவாரா என்பது மருத்துவக் கேள்வி, அதைப் பார்த்தே ஆக வேண்டும். மனநல மருத்துவர் பேசுவார், குடும்பத்தில் துணை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் 'தானாகத் தேடிக்கொண்டது, அதனால் பின்னால் போ' என்பது தண்டனை. ஆறு மாதம் குடிக்காமல் இருந்தால்தான் என்ற பழைய விதிகூட எல்லோருக்கும் பொருந்தாது என்று தெரிந்துவிட்டது. 2011-இல் பிரான்ஸ், பெல்ஜியம் மருத்துவர்கள், குடியால் கல்லீரல் அழற்சி வந்து மருந்துக்கும் கேட்காத சிலரைக் கவனமாகத் தேர்ந்து, காத்திருக்க வைக்காமல் கல்லீரல் மாற்றினார்கள். ஆறு மாதத்தில் நூற்றுக்கு 77 பேர் உயிரோடு இருந்தார்கள், மாற்றாதவர்களில் 23 பேர். கொழுப்புக் கல்லீரல் வந்தவர்களிடமும் ஒருவர் 'ஏன் உடம்பைக் குறைக்கவில்லை, ஏன் சர்க்கரையைக் கட்டுப்படுத்தவில்லை' என்று கேட்கலாம், யோசித்துப் பாருங்கள். அந்தக் கேள்வியை உங்கள் கணவரிடம் யாரும் கேட்கக் கூடாது என்றே நான் நினைக்கிறேன்.

சீட்டுக் குலுக்கலாமா?

நீங்கள் வேதனையில் எழுதிய வரி என்றாலும் இதைப் பெரிய அறிஞர்கள் தீவிரமாகவே பேசியிருக்கிறார்கள். குலுக்கலில் சிபாரிசு செல்லாது, பணம் செல்லாது, தோற்றவரிடம் 'நீ குறைந்தவன்' என்று யாரும் சொல்லவில்லை. அதில் ஒரு மரியாதை இருக்கிறது. 2020-இல் கொரோனாவுக்கு ரெம்டெசிவிர் மருந்து பற்றாக்குறையாக வந்தபோது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் மருத்துவமனைகள் குலுக்கல் முறையில்தான் கொடுத்தன, பின்தங்கிய பகுதி மக்களுக்கும் அத்தியாவசியப் பணி செய்தவர்களுக்கும் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு வைத்து. எல்லோரும் ஏறத்தாழ ஒரே நிலை, மருந்து போதவில்லை, யாருக்கு அதிகம் உதவும் என்றும் தெரியாது. அங்கே அது பொருந்தியது.

கல்லீரலில் அப்படி இல்லை. ஒருவருக்கு நூற்றில் ஆறு, இன்னொருவருக்கு நூற்றில் ஐம்பதுக்கு மேல் என்று தெரிந்த பிறகும் குலுக்கினால், தெரிந்த விஷயத்தைத் தெரியாததுபோல நடப்பதாகும். ஒரே ரத்த வகை, ஒரே மெல்டு, உடல் அளவும் பொருந்துகிறது, இப்படி இரண்டு பேர் நின்றால் குலுக்கலாம், எனக்கு ஆட்சேபமே இல்லை. வழக்கத்தில் அந்த இடத்தில்தான் காத்திருந்த காலத்தைப் பார்க்கிறார்கள், உங்கள் 14 மாதம் அங்கே உதவும். மற்றபடி இயற்கையே ஒரு குலுக்கல் நடத்திக்கொண்டுதான் இருக்கிறது. தானம் செய்தவரின் ரத்த வகை என்ன, அவர் எவ்வளவு பெரிய ஆள், வயிற்றைத் திறந்து பார்த்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறதா, இவற்றில் எதுவும் யார் கையிலும் இல்லை.

நிஜமான அநியாயம் எங்கே இருக்கிறது

நம் மாநிலத்தில் 2008-இல் தொடங்கிய திட்டம் நாட்டுக்கே வழிகாட்டியது, இப்போது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் அதை நடத்துகிறது. அதன் விதிகளில் ஒன்று, மூளைச்சாவு அடைந்தவர் எந்த மருத்துவமனையில் இருக்கிறாரோ, அங்கே கல்லீரல் மாற்றும் வசதியும் பொருத்தமான நோயாளியும் இருந்தால் கல்லீரல் முதலில் அந்த மருத்துவமனைக்கு. அங்கே ஆள் இல்லையென்றால்தான் பொதுவில் வரும். இதற்குக் காரணம் இருக்கிறது. மூளைச்சாவைக் கண்டுபிடித்து, அறிவித்து, குடும்பத்திடம் பேசி, உடலைப் பராமரிப்பது பெரிய வேலை, ஒரு பலனும் இல்லையென்றால் பல மருத்துவமனைகள் அந்த வேலையில் இறங்கவே மாட்டா. ஆனால் இதன் விளைவாக, உங்கள் கணவருக்கு எப்போது கல்லீரல் கிடைக்கும் என்பது அவர் எவ்வளவு நோயுற்றவர் என்பதோடு நிற்காமல், எந்த மருத்துவமனையில் பதிந்தார், அங்கே எத்தனை தானம் நடக்கிறது என்பதையும் பொறுத்ததாகிவிடுகிறது. மெல்டு 24 உள்ளவர் ஒரு மருத்துவமனையில் பெறுவார், 32 உள்ளவர் இன்னொன்றில் காத்திருப்பார். அதற்கும் முன்னால், பட்டியலில் ஏறவே முடியாதவர்கள் எத்தனையோ பேர். உங்கள் கோபத்தை அந்த 59 வயதுக்காரர்மேல் காட்டாமல் இந்த விதிமேல் காட்டுங்கள் என்பேன். நோய் முற்றியவர்களுக்காவது மாநிலம் முழுவதற்கும் ஒரே வரிசை வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

ஸ்கோரை ஏற்றச் சொல்லலாமா?

வேண்டவே வேண்டாம். வாரத்தில் இரண்டு முறை டயாலிசிஸ் என்று பதிந்தால் கிரியாட்டினின் என்னவாக இருந்தாலும் 4 என்று கணக்கில் எடுப்பார்கள் என்பது உண்மைதான். ஜெர்மனியில் இதைத்தான் செய்தார்கள். கோட்டிங்கன் நகரத்து மருத்துவமனையில் நடக்காத டயாலிசிஸை நடந்ததாக எழுதி நோயாளிகளை மேலே ஏற்றியது 2012-இல் வெளியே வந்தது. அதன் பிறகு அந்த நாட்டில் உறுப்பு தானமே குறைந்தது, கல்லீரல் மட்டும் அல்ல, எல்லாமே. பொய்யான எண் உங்கள் கணவரை ஏற்றும்போது உண்மையிலேயே 30-இல் இருக்கும் ஒருவர் கீழே இறங்குவார், அவர் வீட்டிலும் உங்களைப்போல ஒருவர் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்.

அதைவிட முக்கியம், உங்களுக்குப் பொய் தேவையே இல்லை. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட எண் சோடியம் 126. வயிற்றில் நீர் கோத்து சோடியம் இறங்கியவர்களுக்கு மெல்டு காட்டுவதைவிட ஆபத்து அதிகம். அதனால்தான் சோடியத்தையும் சேர்த்து 'மெல்டு-சோடியம்' என்று ஒரு கணக்கு வந்தது, அமெரிக்காவில் 2016 முதல் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். உங்கள் கணவரின் நான்கு எண்களையும் அதில் போட்டுப் பார்த்தேன். வெறும் மெல்டு 18, சோடியத்தோடு 26. பெரிய வித்தியாசம் இது. நூற்றுக்கு ஆறு பேர் என்ற கூட்டத்தில் அவரை வைத்துப் பேசியது சரியில்லை என்று இந்த எண் சொல்கிறது. நான் மேலே போட்ட கணக்கிலும் அவருக்கான பலன் கூடும்.

எனவே அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது இரண்டு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். எந்த ஸ்கோரை வைத்து வரிசை போடுகிறீர்கள், சோடியம் சேர்த்தா, சேர்க்காமலா? பட்டியலில் இருக்கும் எண்கள் எந்தத் தேதி ரத்தப் பரிசோதனையிலிருந்து வந்தவை? மாதக்கணக்கில் பழைய ரிப்போர்ட் பட்டியலில் கிடப்பது நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு. அப்படியே அவர் பெயர் நடப்பில் இருக்கிறதா, நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். தொற்று வந்து நிறுத்தினால் சரியானதும் மறுபடி சேர்க்க வேண்டும், சில சமயம் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சோடியம் குறைவு என்றதும் வீட்டில் உப்பைக் கூட்டாதீர்கள், உப்பு கூடினால் வயிற்றில் நீர்தான் கூடும். நீர் பிரிய மாத்திரை எடுப்பவராக இருந்தால் 126 என்ற எண்ணைக் காட்டி அதன் அளவைப் பற்றி மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

நீங்கள் கொடுப்பது பற்றி

நம் நாட்டில் கல்லீரல் மாற்று சிகிச்சைகளில் பெரும்பாலானவை உயிரோடு இருப்பவர் தருவதுதான். உங்கள் கணவர் நிலையில், வயிற்று நீரும் குறைந்த சோடியமும் இருக்கும்போது, இதைப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. பட்டியலில் இருந்துகொண்டே இதற்கான பரிசோதனைகளையும் செய்யலாம், ஒன்று இன்னொன்றைத் தடுக்காது.

கணக்கு இப்படிப் போகும். வயிற்று நீரைக் கழித்து அவர் எடை 68 கிலோ என்றால், அதில் 0.8 சதவீதம், அதாவது 544 கிராமாவது கல்லீரல் அவருக்கு வேண்டும். உங்கள் கல்லீரல் மொத்தம் 1,100 கிராம் என்று ஸ்கேனில் வந்தால், வலது பகுதி சுமார் 700 கிராம் போகும், உங்களிடம் 400 மிஞ்சும், அது 36 சதவீதம். கொடுப்பவரிடம் 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, உங்கள் கல்லீரலிலும் கொழுப்பு இருக்கக் கூடாது, ரத்த வகையும் பொருந்த வேண்டும். மிஞ்சியது சில மாதங்களில் பெரும்பகுதி வளர்ந்துவிடும். ஆனால் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலது பகுதி கொடுப்பவர்களில் ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேர் வரை இறந்திருக்கிறார்கள், பித்தக் கசிவு போன்ற சிக்கல்கள் அதைவிடப் பல மடங்கு அதிகம். உங்கள் பிறந்த வீட்டார் பயப்படுவதில் தப்பே இல்லை.

சட்டப்படி கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் நெருங்கிய உறவினர்கள். அதனால் உங்கள் கணவருக்கு அண்ணனோ தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் கொடுப்பவர்களில் பெண்கள்தான் அதிகம், பெரும்பாலும் மனைவியும் தாயும். வீட்டில் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி உங்களைப் பார்க்கிறார்கள் என்பதற்காக மட்டும் நீங்கள் கொடுக்கக் கூடாது. கொடுப்பவரைத் தனியாக அழைத்துப் பேசுவது எங்கள் கடமை. அந்த அறையில் 'எனக்கு விருப்பமில்லை' என்று நீங்கள் சொன்னால், காரணத்தை வெளியே சொல்ல மாட்டோம், 'மருத்துவ ரீதியில் பொருந்தவில்லை' என்று மட்டும் குடும்பத்திடம் சொல்வோம். ரத்த வகை பொருந்தாவிட்டால் உங்களைப்போல இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளவும் 2011 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வழி இருக்கிறது. செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று சேர்ந்திருக்கிறது, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் இந்த அறுவை சிகிச்சை செய்கிறார்கள். மருத்துவமனையில் இருக்கும் ஒருங்கிணைப்பாளரிடம் இந்த இரண்டையும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, வயிறு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, பகலில் தூங்கி ராத்திரி முழித்துக்கொண்டிருந்தாலோ அடுத்த நீர் எடுக்கும் தேதி வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், வயிற்று நீரைக் கொஞ்சம் எடுத்து அதில் கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தொற்றை விட்டுவிட்டால் சிறுநீரகமும் கெட்டுவிடும், மெல்டு இரண்டே நாளில் எகிறும், அந்த நிலையில் கல்லீரலே கிடைத்தாலும் வைக்க முடியாமல் போகலாம்.